இணைகளின் உயரமும் மக்கள்தொகையின் உயரமும்

வாசகர் கேள்வி:

நாங்கள் மும்பை செம்பூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் மகளின் உயரம் 5 அடி 6 அங்குலம். வந்த வரன்களில் பலர் "பெண் உயரம் அதிகம்" என்றே ஒதுங்கினார்கள். இப்போது அவளே விரும்பிச் சொல்லும் பையன் 5 அடி 5 அங்குலம். என் மாமியார், "பிள்ளைகள் குட்டையாகப் பிறக்கும், உயரத்துக்கு உயரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்" என்கிறார். மக்கள் ஏன் இப்படி உயரம் பார்த்து இணை சேர்கிறார்கள்? நெட்டையர் நெட்டையரையும் குட்டையர் குட்டையரையுமே மணந்துகொண்டிருந்தால், காலப்போக்கில் இரண்டு தனித்தனி இனங்களாகிவிட மாட்டோமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

வீட்டில் காத்திருக்கும் கேள்வி பேரப்பிள்ளைகளைப் பற்றியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். மனித மரபியல் கற்பிக்கும் எங்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் மணமகனின் உயரத்தை மட்டுமே சொல்வார்கள். மணப்பெண்ணின் உயரத்தை நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பிள்ளையின் உயரத்தில் இருவருக்கும் சம பங்கு உண்டு.

1996இல் பிறந்த இந்தியர்களின் சராசரி உயரம், ஆண்களுக்கு ஏறத்தாழ 165 செ.மீ., பெண்களுக்கு 152 முதல் 153 செ.மீ. என்று மதிப்பிடப்பட்டுள்ளது. கணக்கு எளிதாக இருக்க 165, 152 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் 168 செ.மீ., அதாவது பெண்களின் சராசரியைவிட 16 செ.மீ. கூடுதல். அந்தப் பையன் 165 செ.மீ., அதாவது சரியாகச் சராசரி. அவர் குட்டையானவர் அல்லர். உங்கள் மகளின் அருகில் நிற்கும்போதுதான் அப்படித் தோன்றுகிறார். குழந்தை மருத்துவர்கள் பயன்படுத்தும் வழக்கமான முறைப்படி, மகனுக்குப் பெற்றோர் இருவரின் உயரத்தைக் கூட்டி, அத்துடன் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். மகளுக்கு 13ஐக் கழித்து வகுக்க வேண்டும். அதன்படி மகனுக்கு 173, மகளுக்கு 160 வருகிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரான்சிஸ் கால்டன் 1886இல் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்துக் காட்டியதுபோல, பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றுத் திரும்புவார்கள். நல்ல ஊட்டம் கிடைக்கும் சூழலில் உயர வேறுபாட்டின் சுமார் 80 விழுக்காடு மரபு வழியானது என்று கொண்டால், பெற்றோர் இருவரின் கூடுதலுக்கும் (16, 0) சராசரியான 8 செ.மீ.யில் 6 செ.மீ.க்குச் சற்று மேல் பிள்ளைகளுக்கு வரும். ஆகவே எதிர்பார்க்கத்தக்க உயரம் மகனுக்கு 171, மகளுக்கு 158 செ.மீ. அளவில் இருக்கும். இரண்டுமே சராசரிக்கு மேலானவை. இதே பெண் 180 செ.மீ. உயரமுள்ள ஒருவரை மணந்தால் மகனுக்கான எதிர்பார்ப்பு 177 அளவுக்குப் போகும். மாமியார் அஞ்சும் இழப்பின் அளவு இந்த 6 செ.மீ.தான்.

ஆனால் ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள்ளேயே இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டு. எதிர்பார்க்கும் உயரத்திலிருந்து 5 செ.மீ. கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம், 9 செ.மீ. விலகுவதும் இருபதில் ஒரு பிள்ளைக்கு நேரும். இந்த உடன்பிறந்தோர் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது.

கணவன் மனைவியின் உயரங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் அளக்கிறோம். முற்றிலும் தொடர்பில்லை என்றால் 0. ஒருவரின் உயரம் தெரிந்தால் மற்றவரின் உயரத்தைப் பிழையின்றிச் சொல்லிவிடலாம் என்றால் 1. கார்ல் பியர்சனும் ஆலிஸ் லீயும் 1903இல் ஆங்கிலேயக் குடும்பங்களில் அளந்தபோது 0.28 கிடைத்தது. அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் 0.23 வந்தது. இது பெரிய எண் அன்று. 0.23 என்ற அளவு இங்கும் பொருந்தும் என்று கொண்டால், உங்கள் மகளைப் போல 168 செ.மீ. உயரமுள்ள பெண்களுடைய கணவர்களின் சராசரி உயரம் 169 செ.மீ. மட்டுமே, 180 ஆக இருக்காது. மிக உயரமான பெண்களுக்கு ஓரளவே உயரமான கணவர்கள் அமைகிறார்கள் என்பதுதான் நடப்பு.

இந்த 0.23 எங்கிருந்து வருகிறது? உடல் எடை என்றால், திருமணத்துக்குப் பின் ஒரே அடுப்பில் சாப்பிட்டு இருவரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல இடமுண்டு. உயரத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. முழு வளர்ச்சி அடைந்த பிறகே பெரும்பாலோர் மணக்கிறார்கள் என்பதால், ஒத்திருப்பது தேர்வின்போதே நடந்துவிடுகிறது. அந்தத் தேர்வை யார் செய்கிறார்கள், எதைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

நேரடி விருப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். "எனக்குச் சமமான உயரத்தில் வேண்டும்" என்று யாரும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் பையன் சற்று உயரமாக இருக்க வேண்டும், ஆனால் மிகவும் அதிகமாக வேண்டாம் என்பதுதான். வியப்பு என்னவென்றால், இந்த ஒருபக்க விதியே ஒத்த உயரத்தை உண்டாக்கிவிடும். உயரமான பெண்ணுக்கு இந்த விதி குட்டையான ஆண்களை விலக்கிவிடுகிறது. குட்டையான ஆணுக்கு உயரமான பெண்களை விலக்கிவிடுகிறது. மனைவி உயரமாக இருக்கும் இணைகளை மட்டும் முற்றிலும் தடுத்து, மற்றபடி கண்ணை மூடிக்கொண்டு இணை சேர்த்தால், நான் தோராயமாகக் கணக்கிட்ட அளவில் ஒட்டுறவு 0.1ஐத் தாண்டுகிறது. நடைமுறையில் விதி அவ்வளவு கண்டிப்பானது அன்று. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான இளம் பெற்றோரை ஆராய்ந்தபோது 92.5 விழுக்காடு இணைகளில் ஆண் உயரமாக இருந்தார். அதே ஆண்களையும் பெண்களையும் குலுக்கல் முறையில் சேர்த்துப் பார்த்தபோது 89.8 விழுக்காடு வந்தது. ஆண்களின் சராசரி 13 செ.மீ. போல அதிகமாக இருக்கும் ஒரு மக்களில், யாரும் உயரமே பார்க்காவிட்டாலும் பத்தில் ஒன்பது இணைகளில் ஆண் உயரமாகத்தான் இருப்பார். எங்கும் இதையே பார்க்கிறோம் என்பதால் இதை இயற்கை விதி என்று நினைத்துக்கொள்கிறோம். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே மனைவி உயரமாக இருக்கும் இணைகள் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவிலேயே இருந்தன. அவர்கள் உயரத்தைப் பொருட்படுத்தவே இல்லை.

இரண்டாவது காரணம் நம் ஊரில் முதல் காரணத்தைவிடக் கனமானது என்று நான் கருதுகிறேன். பெண் பார்க்கும் படலத்தில் பயோடேட்டாவின் உயரக் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே சாதி, ஊர், படிப்பு, வருமானம் என்று நாலைந்து கட்டங்கள் வடிகட்டி முடிந்திருக்கும். அந்தக் கட்டங்களில் சில உயரத்தோடும் தொடர்புடையவை. இரண்டு சமூகங்கள் சம எண்ணிக்கையில் ஒரே நகரத்தில் வாழ்வதாகவும், அவற்றின் சராசரி உயரங்கள் 4 செ.மீ. வேறுபடுவதாகவும், ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே, உயரமே பார்க்காமல், மணம் செய்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நகரம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து அளக்கும் ஆய்வாளருக்குக் கணவன் மனைவி உயரங்களுக்கிடையே 0.1 அளவில் ஒட்டுறவு கிடைத்துவிடும். யாரும் உயரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சமூகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், உயரம் கூடவே வந்தது. வசதிக்கும் இதே கதைதான். சிறுவயதில் நல்ல உணவும் தொற்றில்லாத குடிநீரும் கிடைத்தவர்கள் தம் மரபு அனுமதிக்கும் உயரத்தை எட்டுகிறார்கள். அவர்கள் தம்மைப் போன்ற வசதியுள்ள வீட்டிலேயே மணக்கிறார்கள்.

இவற்றைப் பிரித்தறிய வழி உண்டு. ஒரே சமூகத்துக்குள், ஒரே வருமான நிலைக்குள் இருக்கும் இணைகளை மட்டும் எடுத்து ஒட்டுறவை மறுபடி அளக்க வேண்டும். எண் சட்டென்று விழுந்தால் நாம் பார்த்தது பெரும்பாலும் சமூக வடிகட்டலின் நிழல். விழாமல் நின்றால் உண்மையிலேயே உயரம் பார்த்திருக்கிறார்கள். நம் மும்பை தேவ்னாரில் உள்ள மக்கள்தொகை அறிவியலுக்கான பன்னாட்டு நிறுவனம் பொறுப்பேற்று நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வில், களப்பணியாளர்கள் கருவி கொண்டு உயரத்தை அளந்து குறிக்கிறார்கள். இத்தகைய கேள்விக்கு அப்படி அளந்த எண்களே வேண்டும். திருமணப் பதிவுத் தளங்களில் எழுதப்படும் உயரத்தை நம்பி ஆய்வு செய்தால், பையன்கள் தாமாகக் கூட்டிக்கொள்ளும் ஓர் அங்குலமும் கணக்கில் ஏறிவிடும். என் அனுபவத்தில் அந்த அங்குலம் 5 அடி 7க்குக் கீழே இருப்பவர்களிடம்தான் அதிகம்.

இன்னும் ஆழமான சோதனை மரபணுக்களை வைத்துச் செய்யப்படுவது. உயரத்தைப் பாதிக்கும் மரபணு வேறுபாடுகள் பல ஆயிரம். 2022இல் வெளியான, 54 லட்சம் பேரை உள்ளடக்கிய ஆய்வு 12,111 வேறுபாடுகளை அடையாளம் கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. அவற்றை எல்லாம் கூட்டி ஒருவரின் மரபுவழி உயரத்தை மதிப்பிடலாம். கணவரின் மரபுவழி மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மனைவியின் உண்மையான உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்த உயரம் முழுவதும் வசதியால் மட்டும் வந்திருந்தால் இந்தத் தொடர்பு இருக்காது. 2017இல் 24,662 இணைகளிடம் இதைச் செய்து பார்த்தபோது, தொடர்பு தெளிவாகவே இருந்தது. ஆனால் அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நூற்றுக்கணக்கான அகமணக் குழுக்களாகப் பிரிந்து கிடக்கும் நம் நாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரக் கூடாது.

இனி மக்கள்தொகைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். உயரமானவர்கள் உயரமானவர்களை மணப்பதால் சராசரி உயரம் கூடுவதில்லை. யாரும் மணமாகாமல் நிற்காதவரை, யாருக்கும் மற்றவரைவிடப் பிள்ளைகள் அதிகம் பிறக்காதவரை, உயரத்தைக் கூட்டும் மரபணுக்களும் குறைக்கும் மரபணுக்களும் முன்பிருந்த எண்ணிக்கையிலேயே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. அவை யாரிடம் எவ்வாறு குவிகின்றன என்பது மட்டும் மாறுகிறது. கூட்டும் மரபணுக்கள் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது சற்று அதிகமாகிறது, குறைப்பவையும் அப்படியே. நடுவில் கூட்டம் சற்று மெலிந்து, இரு ஓரங்களும் சற்றுத் தடிக்கின்றன.

இந்தக் குவிதலை நேரில் காட்டும் அழகான ஆய்வு 2018இல் வந்தது. ஒருவரின் ஒற்றைப்படை எண்ணுள்ள குரோமோசோம்களில் (1, 3, 5 என்று) உயரத்தைக் கூட்டும் மரபணுக்கள் எத்தனை என்று ஒரு கூட்டல், இரட்டைப்படைக் குரோமோசோம்களில் எத்தனை என்று இன்னொரு கூட்டல். தனித்தனிக் குரோமோசோம்கள் ஒன்றை ஒன்று பொருட்படுத்தாமல் பிள்ளைக்குப் போகின்றன. ஆகவே இந்த இரண்டு கூட்டல்களுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆனால் சுமார் 3 விழுக்காடு அளவில் தொடர்பு இருந்தது. பெற்றோரும் அவர்களுக்கு முந்தியவர்களும் ஒத்த உயரத்தில் மணந்திருந்தால், தந்தையிடமிருந்து வந்த கூட்டும் மரபணுவோடு தாயிடமிருந்தும் கூட்டும் மரபணு வந்து சேர்வது எதிர்பார்ப்பைவிடச் சற்று மிகுந்துவிடும். பல தலைமுறைத் திருமணங்களின் தடம் ஒரே ஆளின் உடலில் இருக்கிறது. அவருடைய பெற்றோரின் உயரத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை.

இதன் அளவையும் பார்த்துவிடுவோம். ரொனால்ட் ஃபிஷர் 1918இல் எழுதிய கட்டுரையில் இதற்கான கணக்கு முறை இருக்கிறது. ஒட்டுறவு 0.23, மரபுப் பங்கு 80 விழுக்காடு என்று இட்டால், பல தலைமுறைகள் கழித்து, உயரத்தில் மரபால் வரும் பரவல் குலுக்கல் முறைத் திருமணத்தில் இருந்திருக்கக்கூடியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. உடம்பில் தெரியும் உயரத்துக்கு இதை மாற்றினால், ஆண்களின் உயரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதை அளக்கும் திட்ட விலக்கம் 6 செ.மீ.யிலிருந்து 6.5 செ.மீ. ஆகும். தெருவில் நடந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இது. ஓரங்களில் மட்டும் தெரியும்: சராசரி 165 ஆக இருக்கும் மக்களில், 180 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள ஆண்கள் ஆயிரத்துக்கு 6 பேராக இருந்திருக்க வேண்டிய இடத்தில் 10 பேர் இருப்பார்கள். 150 செ.மீ.க்குக் கீழே இருப்பவர்களும் அதே விகிதத்தில் கூடுவார்கள். அதிகமாகும் அந்த 4 பேர் மற்றவர்களிடமிருந்து பிரிந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய உடன்பிறந்தவர்களில் சிலர் 170ஐக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் இரண்டாகப் பிளந்துபோவதில்லை என்பதற்கான காரணம், மேலே சொன்ன உடன்பிறந்தோர் வேறுபாடுதான். ஒவ்வொரு பெற்றோரும் தம்மிடமுள்ள மரபணுக்களில் பாதியை மட்டுமே பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதுபோல மாறுகிறது. தந்தையும் தாயும் ஒரே உயரமாக இருந்தாலும், அந்த உயரத்தை அவர்கள் அடைந்தது வேறு வேறு மரபணுக்களால். ஆகவே அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடையேயான பரவல் ஏறத்தாழக் குறையாமலேயே இருக்கும். ஒத்தவரை மணப்பது குடும்பங்களுக்கு இடையேயான தூரத்தை மட்டும் கூட்டும். குடும்பத்துக்குள் நடக்கும் கலைத்தல் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தத் தூரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். 0.23 என்ற வலிமையில் இரண்டும் விரைவிலேயே சமநிலைக்கு வந்துவிடுகின்றன. வரவேண்டிய கூடுதலில் ஏறத்தாழப் பாதி முதல் தலைமுறையிலேயே வந்துவிடும், மிச்சம் சில தலைமுறைகளில் வந்து நின்றுவிடும். ஒட்டுறவு 1ஐ நெருங்கி, மரபுப் பங்கும் முழுமையாக இருந்தால்தான் பரவல் வரம்பில்லாமல் விரியும். அப்படி மணம் செய்துகொள்ளும் மனிதக் கூட்டம் எதையும் நாங்கள் கண்டதில்லை.

சராசரி உயரத்தை மாற்றும் காரணிகள் வேறு. 1896இல் பிறந்த தென் கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம், இதே நூறு ஆண்டுகளில் இந்தியப் பெண்களின் கூடுதல் 5 செ.மீ. அளவே. இந்த வேறுபாட்டை இணைத்தேர்வால் விளக்க முடியாது. கருவுற்ற தாயின் ஊட்டமும், முதல் இரண்டு வயதில் குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கும், அந்த வயதில் கிடைக்கும் பாலும் பருப்பும் முட்டையும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. மாமியாரிடம் பேசும்போது, பையனின் உயரத்தால் பேரனுக்குக் குறைவதாக அவர் கருதும் 6 செ.மீ.யோடு இந்த எண்களையும் சேர்த்து வையுங்கள்.

குவிந்திருக்கும் மரபணுக்கள் நிலையாகக் குவிந்தே கிடப்பவையும் அல்ல. ஒரு தலைமுறையில் எல்லாரும் உயரம் பார்ப்பதை விட்டுவிட்டால், இத்தனை காலம் சேர்ந்த கூடுதல் பரவலில் ஏறத்தாழப் பாதி அவர்களுடைய பிள்ளைகளிடமே கலைந்துவிடும். பேரப்பிள்ளைகளிடம் கால் பங்குதான் மிஞ்சும்.